இறக்காமல் நின்ற மூன்று டிரெய்லர்கள்: காத்திருப்புக் கட்டணம் கேட்டு வாங்கிய ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

இது ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்துக்கும் அதன் நெடுநாள் வாடிக்கையாளருக்கும் இடையே நடந்தது. போக்குவரத்து நிறுவனத்தில் வாடிக்கையாளர் கணக்குகளையும் பில்களையும் கவனிப்பது என் பொறுப்பு. வாடிக்கையாளர் ஒரு கட்டுமான ஒப்பந்ததாரர். எஃகுக் குழாய்களை ஆலையிலிருந்து அவருடைய பணியிடத்துக்குக் கொண்டு சேர்க்க எங்களோடு ஓராண்டு வாடகை ஒப்பந்தம் செய்திருந்தார். குழாய்கள் நீளமானவை, டிரெய்லரில்தான் வரும், கிரேன் இல்லாமல் இறக்க முடியாது. கிரேன் ஆயத்தமாக இருந்தால் ஒரு டிரெய்லரை இறக்க இரண்டு, இரண்டரை மணி நேரம் போதும்.

ஒரே வாரத்தில் எங்களுடைய மூன்று டிரெய்லர்கள் அந்தப் பணியிடத்தில் இரண்டு நாள் அளவுக்கு இறக்கப்படாமல் நின்றன. அதற்கான காத்திருப்புக் கட்டணத்தைக் கேட்டோம். வாடிக்கையாளர் முதலில் பெரும்பகுதியை மறுத்தார். பிறகு கேட்டதில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கைக் கொடுத்தார். கேட்ட தொகையிலிருந்து பேரம் பேசிக் குறைத்துக் கிடைத்த பங்கு அல்ல அது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனித்தனியாகக் காரணம் பார்த்து வந்து சேர்ந்த எண். எந்த மணி நேரம் நிலைத்தது, எது விழுந்தது, ஏன் என்பதற்காகவே இதை எழுதி வைக்கிறேன்.

ஒப்பந்தத்தில் இருந்தது

காத்திருப்பைப் பற்றிய பிரிவு ஆறு வாக்கியங்கள் கொண்டது. இறக்குமிட வாயிலில் வருகை பதிவான நேரத்திலிருந்து 6 மணி நேரம் இலவசம். சரக்கு பெறும் நேரம் காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை. அதற்கு வெளியே வரும் வண்டிக்கு அடுத்த 8 மணியிலிருந்தே கணக்கு தொடங்கும். இலவச நேரம் முடிந்த பிறகு தொடங்கிய ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு மணிக்கட்டணம். எந்த 24 மணி நேரத்திலும் 10 மணிக்கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஆவணக் குறையாலோ வண்டியின் கோளாறாலோ ஏற்படும் தாமதம் கணக்கில் சேராது.

மணிக்கட்டணத்தை மனம்போனபடி வைக்கவில்லை. ஒரு டிரெய்லர் ஓடினாலும் நின்றாலும் ஆகிற நாள்செலவு உண்டு: கடன் தவணை, காப்பீடு, ஓட்டுநர் சம்பளம், அனுமதிக் கட்டணங்கள். அதைப் பத்தாகப் பிரித்து, கைநழுவும் அடுத்த லோடுக்காகச் சிறு பங்கைச் சேர்த்து, ஒப்பந்தம் போடும்போதே வாடிக்கையாளரிடம் காட்டியிருந்தோம். இது பின்னால் உதவியது. “இது அபராதம்” என்ற பேச்சு எழுந்தபோது, நின்ற வண்டியின் செலவுக்கு அருகில்தான் இந்த எண் இருக்கிறது என்பதைப் பழைய தாளை எடுத்துக் காட்ட முடிந்தது.

மேலே உள்ள வாக்கியங்களை மீண்டும் ஒருமுறை படித்தால் இரண்டு ஓட்டைகள் தெரியும். மாலை 6 மணிக்கு இலவச நேரம் நின்றுவிட்டு மறுநாள் காலை தொடருமா, அல்லது இரவிலும் ஓடுமா என்று சொல்லவில்லை. இலவச நேரம் முடிந்த பிறகு வரும் இரவு மணிகள் கட்டணத்தில் சேருமா என்றும் சொல்லவில்லை. எங்கள் வாதத்தின் கணிசமான பகுதி இந்த இரண்டு மௌனங்களைச் சுற்றியே நடந்தது. மூன்றாவது ஓட்டை ஒன்று ‘வருகை பதிவான நேரம்’ என்ற சொல்லுக்குள் ஒளிந்திருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான்கு நாட்களில் நடந்தது

முதல் வண்டி திங்கட்கிழமை விடியற்காலை 5.20க்கு வாயிலை அடைந்தது. வரிசையில் அதற்கு முன்னால் யாரும் இல்லை. 8 மணிக்குக் கதவு திறந்ததும் ஸ்டோர்ஸ் அதிகாரி ஆவணங்களைப் பார்த்தார். குழாய்களுக்கான ஆலைப் பரிசோதனைச் சான்றிதழ் உறையில் இல்லை. அது இல்லாமல் சரக்கை உள்ளே எடுக்க அவருக்கு அனுமதியில்லை. ஆலையிடம் கேட்டு மின்னஞ்சலில் வரவழைக்கப் பகல் 12.30 ஆகிவிட்டது. அந்தக் காலை வேளையில் கிரேன், எங்களுடையவை அல்லாத வேறு இரு வண்டிகளை இறக்கி முடித்துவிட்டு, நண்பகலில் அதே வளாகத்தின் வேறொரு மூலைக்கு இயந்திரம் தூக்கப் போய்விட்டது.

இரண்டாம் வண்டி திங்கள் பிற்பகல் 2.10க்கு வந்தது. ஆவணங்கள் சரியாக இருந்தன, கிரேன் இல்லை. அன்று மாலை எங்கள் அனுப்புகைப் பொறுப்பாளர் பணியிடப் பொறியாளரிடம் கேட்டதற்கு, “கிரேன் வேறு வேலையில் இருக்கிறது. புதன் காலைதான் உங்கள் பக்கம் வரும்” என்று கைபேசிச் செய்தியில் பதில் வந்தது. அப்போது யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. பிறகு அந்த ஒரு வரிதான் ஒரு வாதத்தை முழுதாக முடித்து வைத்தது.

மூன்றாம் வண்டி செவ்வாய் காலை 9.30க்கு வந்தது. உள்ளே இரண்டு டிரெய்லர்கள் இறக்கப்படாமல் நின்றதால் முற்றத்தில் இடமில்லை. வாயில் காவலர் வண்டியை உள்ளே விடவில்லை. உள்ளே விடாததால் கேட் பதிவேட்டிலும் எழுதவில்லை. ஓட்டுநர் வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, பணியிடத்தின் பெயர்ப் பலகையும் வண்டியின் முன்பக்க எண் பலகையும் ஒரே சட்டத்தில் தெரியும்படி படம் எடுத்து 9.31க்கு அலுவலகத்துக்கு அனுப்பினார். அனுப்புகைப் பொறுப்பாளர் அந்தப் படத்தை அப்படியே ஸ்டோர்ஸ் அதிகாரிக்கு அனுப்பி, வண்டி வந்துவிட்டதாகத் தெரிவித்தார். 9.48க்கு “இப்போது இடமில்லை, வெளியே நிற்கட்டும்” என்று பதில் வந்தது. அந்த ஓட்டுநர் அன்று இரவைச் சாலையோரத்தில்தான் கழித்தார். பக்கத்தில் கழிப்பறையும் இல்லை, குடிநீரும் இல்லை. மணிக்கணக்கைப் பற்றி எழுதும்போது இதையும் எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

செவ்வாய் பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை பலத்த காற்று வீசியது. அந்த நேரத்தில் வளாகத்தில் எந்தக் கிரேனும் தூக்கும் வேலை செய்யவில்லை.

புதன் காலை 9 மணிக்குக் கிரேன் வந்தது. பணியிடத்துக்கு அவசரமாகத் தேவைப்பட்ட குழாய்கள் இரண்டாம் வண்டியில் இருந்ததால் அதை முதலில் எடுத்தார்கள், பகல் 11.40க்கு முடிந்தது. முதல் வண்டி மாலை 5.10க்கு முடிந்தது. புதன் காலை 7.50க்குத்தான் உள்ளே விடப்பட்ட மூன்றாம் வண்டி, வியாழன் காலை 10 மணிக்கு இறக்கி முடிக்கப்பட்டது.

வண்டிகள் நின்றுகொண்டிருந்தபோதே செய்தவை

காத்திருப்புக் கட்டணத்தின் கதி பெரும்பாலும் பில் எழுதும் மேசையில் முடிவாவதில்லை. வண்டி நிற்கும் அந்த நாட்களிலேயே முடிவாகிவிடுகிறது. எனவே இந்தப் பகுதியைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, இலவச நேரம் முடிந்த சில நிமிடங்களுக்குள் ஒவ்வொரு வண்டிக்கும் எழுத்தில் அறிவிப்புப் போனது. ஒப்பந்தம் அதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனாலும், மாதக் கடைசியில் பில்லைப் பார்த்துத்தான் ஒருவர் இதைத் தெரிந்துகொள்கிறார் என்றால், அவர் முதலில் கோபப்படுவார், பிறகுதான் கணக்கைப் பார்ப்பார். மூன்றாம் வண்டிக்காகச் செவ்வாய் மாலை 3.35க்குப் போன செய்தி இது:

“வணக்கம். குழாய் ஏற்றிய எங்கள் மூன்றாம் டிரெய்லர் இன்று காலை 9.30க்கு வாயிலுக்கு வந்து தெரிவித்தது. ஒப்பந்தப்படி 6 மணி நேர இலவச நேரம் பிற்பகல் 3.30க்கு முடிந்தது. இறக்கும் பணி தொடங்கவில்லை. 3.30 முதல் காத்திருப்புக் கட்டணம் கணக்கில் வருகிறது. எப்போது இறக்கப்படும் என்று தெரிவித்தால், இந்த வண்டிக்கு வைத்திருக்கும் அடுத்த லோடை மாற்றி ஏற்பாடு செய்துகொள்வோம்.”

இதில் மிரட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. வந்த நேரம், இலவசம் முடிந்த நேரம், இப்போதைய நிலை, நாங்கள் கேட்கும் கேள்வி ஆகிய நான்கும் மட்டும் இருக்கின்றன. கடைசிக் கேள்விதான் வேலை செய்கிறது. அதற்கு வரும் எந்தப் பதிலும், வண்டி அங்கே இருந்தது என்பதற்கான ஒப்புதலாக அமைந்துவிடும்.

இரண்டாவது, செவ்வாய் காலையில் மாற்று வழி ஒன்றை முன்வைத்தோம். வாடிக்கையாளருக்குச் சற்றுத் தொலைவில் கிரேன் உள்ள இன்னொரு சேமிப்பு முற்றம் இருந்தது. ஒரு வண்டியையாவது அங்கே இறக்கிவிடலாமா என்று கேட்டோம். குழாய்களை இருமுறை கையாள வேண்டியிருக்கும் என்று பொறியாளர் மறுத்துவிட்டார். அவர் பக்கமிருந்து பார்த்தால் நியாயமான மறுப்புதான். ஆனால் வண்டியை நிறுத்தி வைப்பதா, இரட்டைக் கையாளுதலா என்ற தேர்வு அவரிடம் போய்ச் சேர்ந்தது. நிறுத்தி வைப்பதை அவர் தேர்ந்தெடுத்தார். இழப்பைக் குறைக்க நாங்கள் முயன்றோம் என்பதற்கும் இதுவே சான்றானது.

மூன்றாவது, டெலிவரி சலானில் நேரம் எழுதி வாங்கியது. இரண்டாம் வண்டியின் ஓட்டுநர் முதலில் “காத்திருந்த மணி நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்” என்று கேட்டார். “கட்டணத்துக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட முடியாது” என்று ஸ்டோர்ஸ் எழுத்தர் மறுத்தார். அவர் சொன்னது சரியே. அந்த அதிகாரம் அவருக்கு இல்லை. தொலைபேசியில் ஓட்டுநரிடம் வேறு விதமாகக் கேட்கச் சொன்னோம்: வந்த நேரம், இறக்கத் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் மட்டும் போதும். எழுத்தர் தயக்கமில்லாமல் எழுதி முத்திரை வைத்தார். கட்டணத்துக்குச் சம்மதம் கேட்டால் எந்த எழுத்தரும் பின்வாங்குவார். கடிகாரம் காட்டியதை எழுதச் சொன்னால் எழுதுவார். கழித்துப் பார்க்கிற வேலையை நாமே செய்துகொள்ளலாம்.

கேட்கும் தொகையை முடிவு செய்தது

வெள்ளிக்கிழமை எங்கள் கணக்குப் பிரிவு ஒரு வரைவைத் தந்தது. வண்டி வாயிலுக்கு வந்த நிமிடத்திலிருந்து, இரவும் சேர்த்து, 6 மணி நேரத்தைக் கழித்துவிட்டு மீதியை எல்லாம் எடுத்துக்கொண்ட கணக்கு அது. நாள் வரம்பைப் பொருத்திய பிறகு முதல் வண்டிக்கு 26, இரண்டாம் வண்டிக்கு 20, மூன்றாம் வண்டிக்கு 20 என 66 மணிக்கட்டணம் வந்தது. அதை அப்படியே அனுப்பலாம் என்பது நிறுவன உரிமையாளரின் எண்ணம். “எப்படியும் குறைக்கச் சொல்வார்கள், அப்போது குறைத்துக்கொள்ளலாம்” என்றார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த 66இல் முதல் வண்டி விடியற்காலையில் வந்து நின்ற நேரம் இருந்தது. 8 மணிக்கு முன் கணக்கு தொடங்காது என்று ஒப்பந்தமே சொல்கிறது. சான்றிதழ் இல்லாமல் போன நான்கரை மணி நேரமும் இருந்தது. அதையும் ஒப்பந்தமே விலக்குகிறது. வாடிக்கையாளரின் கணக்கர் இந்த இரண்டில் ஒன்றைக் கண்டுபிடித்தால் போதும், மீதியுள்ள சரியான மணிகளையும் அவர் நம்பமாட்டார். குறைப்பதற்கென்றே கூட்டி வைத்த எண் என்று தெரிந்துவிட்டால், பேச்சு ஒப்பந்தத்தை விட்டுப் பேரத்துக்குப் போய்விடும். பேரத்தில் எங்களிடம் இருந்த ஆவணங்களுக்கு மதிப்பில்லை.

எனவே கணக்கைத் திருப்பிப் போட்டோம். இலவச நேரம் மாலை 6 மணிக்கு நின்று மறுநாள் 8 மணிக்குத் தொடரும் என்று எங்களுக்குச் சாதகமில்லாத பொருளையே எடுத்துக்கொண்டோம். இலவச நேரம் முடிந்த பிறகு மணிகள் தொடர்ந்து ஓடும் என்று வைத்தோம்.

முதல் வண்டிக்குச் சான்றிதழ் கிடைத்த திங்கள் 12.30தான் தொடக்கம். மாலை 6 மணி வரை ஐந்தரை மணி நேரம் போக, மீதி அரை மணி நேரம் செவ்வாய் காலை 8.30க்கு முடிகிறது. அங்கிருந்து புதன் மாலை 5.10 வரை 32 மணி 40 நிமிடம். தொடங்கிய மணியை முழுதாக எடுத்தால் 33. முதல் 24 மணி நேரத்துக்கு வரம்பான 10, எஞ்சிய 9 மணி நேரத்துக்கு 9. ஆக 19 மணிக்கட்டணம். இரண்டாம் வண்டிக்கு இலவசம் செவ்வாய் காலை 10.10க்கு முடிந்தது, இறக்கியது புதன் 11.40க்கு. 24 மணி நேரத்துக்கு 10, மேற்கொண்டு ஒன்றரை மணி நேரத்துக்கு 2, ஆக 12. மூன்றாம் வண்டிக்குச் செவ்வாய் பிற்பகல் 3.30 முதல் வியாழன் காலை 10 மணி வரை நாற்பத்திரண்டரை மணி நேரம். இரண்டு நாள் வரம்பும் நிரம்பி 20. மொத்தம் 51.

இதை வாடகை பில்லோடு சேர்க்கவில்லை. தனிப் பில்லாக அனுப்பினோம். ஒரே பில்லில் இருந்தால், தகராறு தீரும்வரை வாடகையும் சேர்ந்து நின்றுபோகும். பில்லோடு ஒரு பக்க இணைப்பு இருந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் வந்த நேரம், இலவசம் தொடங்கிய நேரம், நின்ற நேரம், முடிந்த நேரம், நாங்களே கழித்த மணிகளும் அதற்கான காரணமும், இறக்கி முடித்த நேரம் ஆகியவற்றை அதில் எழுதினோம். அமெரிக்காவில் கப்பல் கொள்கலன்களின் தாமதக் கட்டணத்துக்கு அந்நாட்டின் கூட்டாட்சிக் கடல்சார் ஆணையம் கொண்டுவந்த விதி 2024இல் நடைமுறைக்கு வந்தது. இலவச நேரம் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிந்தது என்பது பில்லில் இல்லாவிட்டால், பணம் செலுத்த வேண்டிய கடமையே இல்லை என்கிறது அது. அந்த விதி சாலைவழிச் சரக்குக்கும் எங்கள் ஒப்பந்தத்துக்கும் பொருந்தாது. இருந்தாலும் ஒரு நியாயமான பில்லில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. இணைப்பை அதன்படியே அமைத்தேன்.

வாடிக்கையாளரின் மறுப்பு

பத்து நாளில் பதில் வந்தது. முதல் வண்டிக்கு எதுவும் இல்லை, இரண்டாம் வண்டிக்கு 9, மூன்றாம் வண்டிக்கு 6. மொத்தம் 15 மணிக்கட்டணம் தருவதாகச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதியிருந்தார்கள். அதற்காக அவர்களை மதிக்கிறேன். காரணம் எழுதியவரோடுதான் பேச முடியும். பிறகு நேரில் அமர்ந்து பேசினோம். அவர்கள் பக்கம் கணக்குத் தலைவர், ஸ்டோர்ஸ் அதிகாரி, பணியிடப் பொறியாளர்; எங்கள் பக்கம் அனுப்புகைப் பொறுப்பாளரும் நானும்.

இரண்டாம் வண்டியில் அவர்கள் கழித்த 3 மணி நேரம் காற்றுக்காக. காற்று யார் தவறும் இல்லை என்றார்கள். உண்மைதான். ஆனால் காற்று வீசிய செவ்வாய் பிற்பகலில் எங்கள் வண்டிகளுக்குரிய கிரேன் அங்கே இல்லவே இல்லை. புதன் காலைதான் வரும் என்று பொறியாளர் திங்கள் மாலையே எழுதியிருந்தார். காற்றே வீசாமல் இருந்திருந்தாலும் அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு குழாய்கூட இறங்கியிருக்காது. அந்தச் செய்தியைக் காட்டினோம். பொறியாளர் படித்துவிட்டு, “ஆம், இது நான் அனுப்பியதுதான்” என்றார். 12 நிலைத்தது.

மூன்றாம் வண்டியின் வாதம் கேட் பதிவேட்டிலிருந்து வந்தது. பதிவேட்டில் வருகை புதன் காலை 7.50 என்று இருந்தது. ஒப்பந்தமோ ‘வருகை பதிவான நேரம்’ என்கிறது. எழுத்தின்படி பார்த்தால் அவர்கள் சொன்னது சரி: புதன் பிற்பகல் 2 மணிக்கு இலவசம் முடிந்து, அன்று 4 மணி நேரமும் மறுநாள் 2 மணி நேரமும் சேர்த்து 6தான் வரும். இந்தப் பொருளை ஏற்றுக்கொண்டால், வண்டியை வெளியே நிறுத்தி வைக்கிற வரை கடிகாரமே ஓடாது. இடமில்லாதபோது கதவை மூடி வைப்பவருக்கு இலவச நேரம் எல்லையில்லாமல் நீளும். இதை ஒரு கொள்கையாக வாதிட்டிருந்தால் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்போம். நாங்கள் மூன்று தாள்களை மேசையில் வைத்தோம்: டிரெய்லர் செவ்வாய் 9.26 முதல் அதே இடத்தில் அசையாமல் நின்றதைக் காட்டும் ஜி.பி.எஸ். பதிவு, 9.31க்கு எடுத்த படம், “வெளியே நிற்கட்டும்” என்ற 9.48 பதில். ஜி.பி.எஸ். மட்டும் இருந்திருந்தால், ஓட்டுநர் தன் வசதிக்காக அங்கே நிறுத்தினார் என்று சொல்லியிருக்கலாம். படம் மட்டும் இருந்திருந்தால் நேரத்தைச் சந்தேகிக்கலாம். ஸ்டோர்ஸ் அதிகாரியின் பதிலைத்தான் யாராலும் தாண்ட முடியவில்லை. வருகை செவ்வாய் 9.30 என்பதைக் கணக்குத் தலைவரே ஏற்றுக்கொண்டார்.

அதன் பிறகு இரவுப் பேச்சு வந்தது. சரக்கு பெறும் நேரத்துக்கு வெளியே இறக்கவே முடியாதபோது இரவு மணிகளுக்கு ஏன் தர வேண்டும் என்று கேட்டார்கள். கப்பல் வாடகையில், இலவச நேரம் தீர்ந்த பிறகு இரவும் விடுமுறையும் விலக்கின்றித் தாமதக் கட்டணத்தில் சேரும் என்பது நெடுங்கால வழக்கம். ஆனால் அதை ஒப்பந்தத்தில் எழுதாமல் சாலைக்குக் கொண்டுவர முடியாது என்பதே என் கருத்து. மேசையிலேயே இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். இரவை விட்டுவிட்டு, சரக்கு பெறும் மணிகளை மட்டும் எடுத்தாலும் முதல் வண்டிக்கு 19தான், இரண்டாம் வண்டிக்கு 12தான். ஒரு நாளில் சரக்கு பெறும் நேரமும் 10 மணி, கட்டண வரம்பும் 10 மணி என்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிட்டன. வேறுபாடு மூன்றாம் வண்டியில் மட்டும்: 20க்குப் பதில் 15. பெரிய கொள்கைச் சண்டை போலத் தெரிந்தது ஐந்து மணிக்கட்டணத்தில் வந்து நின்றது. இப்படிப்பட்ட பேச்சில் கொள்கையைத் தொடுவதற்கு முன் அதன் விலையைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பேன். அந்த ஐந்தை விட்டுக்கொடுத்தோம்.

மிகக் கடினமாக இருந்தது முதல் வண்டி. அவர்கள் சொன்ன வாதத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கேட்டவுடனே அதன் பலம் தெரிந்தது. “சான்றிதழ் இருந்திருந்தால் உங்கள் வண்டிதான் வரிசையில் முதல். காலை 8 மணிக்குக் கிரேன் இருந்தது. 11 மணிக்குள் இறக்கியிருப்போம். நீங்கள் கழித்தது நான்கரை மணி நேரம். ஆனால் அந்த நான்கரை மணி நேரத்தால் இழந்தது கிரேனை” என்றார் ஸ்டோர்ஸ் அதிகாரி. ஆவணக் குறை எவ்வளவு நேரம் நீடித்தது என்பது ஒன்று, அதனால் விளைந்த தாமதம் எவ்வளவு என்பது வேறு. ஒப்பந்தம் விலக்குவது பின்னதை. சான்றிதழை வைக்காமல் விட்டது அவர்களுடைய ஆலைதான், நாங்கள் அல்ல என்று சொல்லிப் பார்த்தோம். பிரிவில் ‘யாருடைய’ ஆவணக் குறை என்று இல்லை. அந்த வாதம் அதிக தூரம் போகவில்லை.

இருந்தாலும் அந்தக் காரணம் இரண்டு நாளையும் விழுங்கிவிட முடியாது. திங்கள் 12.30க்குச் சான்றிதழ் கையில் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு கிரேனை எங்கே வைப்பது, எந்த வண்டியை முதலில் எடுப்பது, வேறு முற்றத்துக்கு அனுப்புவதா என்பதெல்லாம் அவர்களுடைய முடிவுகள். புதன்கிழமை கிரேன் வந்த பிறகும், பின்னால் வந்த வண்டியை முன்னால் எடுத்தார்கள். எனவே தவறவிட்ட கிரேனின் விளைவாக முதல் 24 மணி நேரத்தை நாங்கள் ஏற்கிறோம், எஞ்சியதை நீங்கள் ஏற்க வேண்டும் என்றோம். 19இல் 10 போய் 9 நின்றது.

விளைவு

முதல் வண்டிக்கு 9, இரண்டாம் வண்டிக்கு 12, மூன்றாம் வண்டிக்கு 15. மொத்தம் 36 மணிக்கட்டணம். கேட்டது 51, அவர்கள் முதலில் சொன்னது 15. திருத்திய பில் அடுத்த கட்டணச் சுற்றிலேயே தீர்க்கப்பட்டது. தனியாகப் போன வாடகை பில் ஒரு நாளும் தாமதமாகவில்லை. வந்த தொகையில் ஒரு பங்கு, நின்ற நேரத்துக்கேற்ப மூன்று ஓட்டுநர்களுக்கும் கொடுக்கப்பட்டது. அவர்களுடைய நேரம் இல்லாமல் இந்தக் கட்டணமே இல்லை என்பதால் இதை உரிமையாளரிடம் வற்புறுத்திக் கேட்டேன், அவரும் மறுக்கவில்லை.

66ஐ அனுப்பியிருந்தால் அதிகம் கிடைத்திருக்குமா என்று உரிமையாளர் பின்னர் ஒருமுறை கேட்டார். கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். காற்று வாதத்திலும் வருகை நேரத்திலும் அவர்கள் எங்கள் ஆவணத்தை ஏற்றுக்கொண்டது, இணைப்பின் முதல் வரிசையிலேயே எங்களுக்குப் பாதகமான நான்கரை மணி நேரத்தை நாங்களே எழுதியிருந்ததைப் பார்த்த பிறகுதான்.

ஒப்பந்தத்தில் மாறியவை

ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது பிரிவை இரு தரப்பும் சேர்ந்து திருத்தி எழுதினோம். ‘வருகை பதிவான நேரம்’ போய், ‘வாயிலுக்கு வந்து எழுத்திலோ கைபேசிச் செய்தியிலோ தெரிவித்த நேரம், வண்டி உள்ளே அனுமதிக்கப்பட்டாலும் இல்லாவிட்டாலும்’ என்று ஆனது. இலவச நேரமும் கட்டண நேரமும் சரக்கு பெறும் மணிகளில் மட்டுமே ஓடும் என்று தெளிவாக எழுதினோம். அதற்கு ஈடாக, வண்டி இரவு தங்க நேர்ந்தால் ஓட்டுநருக்கென ஒரு நிலையான இரவுப்படி சேர்ந்தது. வண்டியை வளாகத்துக்குள் நிறுத்தவும் கழிப்பறையைப் பயன்படுத்தவும் இடம் தருவது அவர்கள் பொறுப்பானது. எங்களுக்கு மணிக்கணக்கில் சிறு இழப்புதான். ஆனால் தகராறுக்கு இடமில்லாத மணி, தகராறில் மாட்டும் இரண்டு மணிக்குச் சமம் என்று நான் வாதிட்டேன்.

ஆவணக் குறைக்கும் பொறுப்பு பிரிக்கப்பட்டது. ஆலை தர வேண்டிய தாள் இல்லாவிட்டால் அது வாடிக்கையாளர் கணக்கு. எங்கள் சலானோ வண்டித் தாள்களோ இல்லாவிட்டால் எங்கள் கணக்கு. ஆலையில் வண்டி கிளம்பும் முன், சான்றிதழ் உட்பட உறையில் உள்ளவற்றைப் படம் எடுத்து ஸ்டோர்ஸ் அதிகாரிக்கு அனுப்புவதும் வழக்கமானது. இலவசம் முடிந்ததும் அனுப்பும் செய்தி இப்போது ஒப்பந்தத்தின் பகுதி. அது தாமதமாகப் போனால், போன நிமிடத்திலிருந்துதான் கட்டணம் ஓடும். இதை வாடிக்கையாளர் கேட்டார், நாங்கள் உடனே ஒப்புக்கொண்டோம்.

காற்றைப் பற்றியும் ஒரு வரி சேர்ந்தது: வானிலையால் நின்ற மணி கழிக்கப்படும், ஆனால் அந்த நேரத்தில் இறக்கும் கருவி வண்டிக்கு ஒதுக்கப்பட்டு ஆயத்தமாக இருந்திருந்தால் மட்டும்.

இதற்குப் பிறகு பணியிடப் பொறியாளர் ஒவ்வொரு வாரத் தொடக்கத்திலும் கிரேன் எந்த நாளில் எங்கே இருக்கும் என்று எங்கள் அனுப்புகைப் பொறுப்பாளருக்கு எழுதத் தொடங்கினார். கிரேன் இல்லாத நாளுக்கு ஆலையிலிருந்து வண்டியைக் கிளப்புவதில்லை. அந்த வாடிக்கையாளருக்கு இப்போது காத்திருப்பு பில் எழுதுவது அரிதாகிவிட்டது. எழுத நேரும்போதும் அது ஒற்றை இலக்க மணிக்குள் அடங்கி, இணைப்பைப் பார்த்ததும் கேள்வியின்றித் தீர்க்கப்படுகிறது.